எண் சரியாக இருந்தும் எண்ணெய் கசிந்த தண்டு: ஒரு சொரசொரப்புக் குறியீட்டை முழுமையாகப் படித்த அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் உள்ள எங்கள் சிறிய பட்டறைக்கு, நிபோங் தெபால் பக்கம் இயங்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு ஒன்று மாற்றுப்பாகமாகச் செய்துதரும்படி வந்தது. பழைய தண்டில், எண்ணெய் வெளியே கசியாமல் தண்டைச் சுற்றித் தடுக்கும் வளையமான ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகம் விழும் அளவுக்குப் பள்ளம் தேய்ந்திருந்தது. ஆலையினர் வரைபடத்தையும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்துத் தண்டைக் கடைந்து, சோதித்து, அனுப்பிவைத்தோம். பத்து நாள் கழித்து ஆலையின் பராமரிப்பு மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, புதுத் தண்டு, புது சீல், ஆனாலும் எண்ணெய் சொட்டுதே" என்றார். அந்தச் சொட்டுக்குக் காரணம் தேடியபோது, வரைபடத்தில் இருந்த ஒரே ஒரு சொரசொரப்புக் குறியீட்டை நான் பாதி மட்டுமே படித்திருந்தேன் என்பது தெரியவந்தது. அந்தப் பாதியையும் மீதிப் பாதியையும் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் அந்தக் குறியீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சீல் உட்காரும் பகுதி 45 மி.மீ. விட்டம், 22 மி.மீ. அகலம். அந்தக் கோட்டின் மேல், ஒரு கால் குட்டையாகவும் மறு கால் நெட்டையாகவும் இருக்கும் 'சரி' குறி நின்றது. இரண்டு கால்களுக்கும் இடையே ஒரு சிறிய கோடு போட்டு மேல்பக்கம் மூடப்பட்டிருந்தது. நெட்டைக் காலின் உச்சியிலிருந்து ஒரு படுக்கைக்கோடு வலப்புறம் நீண்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே முதல் வரியில் `U Ra 0.8` என்றும் அடுத்த வரியில் `L Ra 0.2` என்றும் இருந்தன. கோட்டுக்கு மேலே 'ப்ளஞ்ச் கிரவுண்ட்' என்ற ஆங்கிலச் சொற்கள் இருந்தன. குறியின் கூர்முனைக்கு வலப்புறத்தில் `⟂` என்ற செங்குத்துக் குறியும், இடப்புறத்தில் 0.2 என்ற எண்ணும் இருந்தன.

நான் அன்று படித்தது `Ra 0.8` என்பதை மட்டும்தான். பட்டறைப் பழக்கத்தில் கண் நேராக எண்ணுக்குத்தான் போகும். எண்ணைப் பார்த்ததும், இதை எந்த வேலையில் கொண்டுவரலாம் என்ற கணக்கு மனத்தில் தொடங்கிவிடும்.

அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைச் சொன்னால்தான் தவறு எங்கே நடந்தது என்பது விளங்கும். Ra என்பது மேற்பரப்பின் மேடுபள்ளங்களுக்கு நடுவே ஒரு சராசரிக்கோடு இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மேல்கீழ் பாராமல் கூட்டி எடுத்த சராசரி. அலகு மைக்ரான். ஒவ்வொரு வேலைமுறைக்கும் அது இயல்பாகத் தரக்கூடிய ஒரு வரம்பு உண்டு. ரம்பத்தால் அறுத்த முகம் ஏறத்தாழ 6.3 முதல் 25 வரை இருக்கும். துளையிட்ட உட்சுவர் 1.6க்கும் 6.3க்கும் நடுவே நிற்கும். அதை ரீமர் போட்டால் 0.8 வரை இறங்கும். லேத்தில் கடைந்த பரப்பு சாதாரணமாக 0.4 முதல் 6.3 வரை, மில்லிங்கில் 0.8 முதல் 6.3 வரை, சாணை பிடித்தால் 0.1 முதல் 1.6 வரை கிடைக்கும். அதற்கும் கீழே வேண்டுமென்றால் ஹோனிங், லேப்பிங் என்று போக வேண்டும். இவை வழக்கமான வரம்புகள். நல்ல இயந்திரமும் பொறுமையும் இருந்தால் சற்றுக் கீழேயும், தேய்ந்த இயந்திரத்தில் வெகு மேலேயும் போகும்.

ஆகவே 0.8 என்றதும், அது கடைசலின் நல்ல பக்கத்திலும் சாணையின் எளிதான பக்கத்திலும் ஒருசேர விழுகிறது. இரண்டு வழியிலும் எட்டக்கூடிய எண். எங்கள் பட்டறையில் உருளைச் சாணை இயந்திரம் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் உள்ள ஒரு சாணைக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கே அப்போது வரிசை நீளமாக இருந்தது. 4140 எஃகுத் தண்டின் சீல் பகுதியை இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கி வாங்கியிருந்தோம். கடினம் ராக்வெல் சி அளவில் 50ஐ ஒட்டி இருந்தது. கடினமான எஃகையும், சிபிஎன் என்னும் மிகக் கடினமான பொருளாலான வெட்டுமுனையை, அதாவது இன்சர்ட்டைப் போட்டுக் கடையலாம். எனவே சிஎன்சி லேத்திலேயே முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது வெட்டுமுனை நகரும் தூரம்தான் ஃபீடு. கடைசலில் எந்த ஃபீடு கொடுத்தால் எவ்வளவு Ra வரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட ஒரு எளிய சூத்திரம் உண்டு. வெட்டுமுனை வட்டமாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு சிறிய கிண்ணம் போன்ற தடத்தை விட்டுச் செல்கிறது. அடுத்த சுற்றில் ஃபீடு அளவு தள்ளி இன்னொரு கிண்ணம். இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே மிஞ்சும் வரப்பின் உயரம்தான் சொரசொரப்பு.

```
Rt ≈ f² / (8 · r)
Ra ≈ f² / (32 · r)
Rt = வரப்பின் முழு உயரம், f = ஒரு சுற்றுக்கான ஃபீடு (mm), r = முனை ஆரம் (mm)
விடை mm-ல் வரும்; 1000-ஆல் பெருக்கினால் மைக்ரான்
```

நான் 1.2 மி.மீ. முனை ஆரம் கொண்ட இன்சர்ட்டில் 0.15 ஃபீடு கொடுத்தேன். 0.15ஐ இருமடிப் பெருக்கினால் 0.0225; அதை 32 × 1.2 ஆகிய 38.4ஆல் வகுத்தால் 0.00059 மி.மீ., அதாவது ஏறத்தாழ 0.6 மைக்ரான். கையடக்கச் சோதனைக் கருவியை வைத்துத் தண்டின் நீளவாட்டில் அளந்தபோது 0.71 காட்டியது. 0.8க்குள் இருக்கிறது, வேலை முடிந்தது என்று கையெழுத்திட்டேன்.

இந்தச் சூத்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டறையில் வேலை பழகும் தம்பிக்குக் காட்டுவதற்காக, கடினமாக்காத 4140 துண்டு ஒன்றை 0.8 முனை ஆரத்தில் நான்கு ஃபீடுகளில் கடைந்து அளந்தேன். 0.3 ஃபீடில் சூத்திரம் 3.5 என்றது, கருவி 4.1 என்றது. 0.2இல் சூத்திரம் 1.6, கருவி 1.9. 0.1இல் சூத்திரம் 0.4, கருவி 0.72. 0.05இல் சூத்திரம் 0.1 என்றது, கருவியோ 0.66இல் நின்றுவிட்டது. ஃபீடைப் பாதியாக்கினால் Ra கால் பங்காகும் என்பது பெரிய ஃபீடுகளில் ஓரளவு உண்மை. மிகச் சிறிய ஃபீடில், வெட்டுமுனையின் விளிம்பே ஒரு நுண்ணிய உருண்டையாக இருப்பதால், அதைவிட மெல்லிய சீவலை அது வெட்டுவதில்லை. உலோகத்தைத் தேய்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது. அதிர்வும், விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் உலோகமும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. "அப்போ இன்னும் மெதுவா விட்டா இன்னும் வழவழப்பா வரும்னு நினைக்கிறது தப்பாண்ணே?" என்று தம்பி கேட்டான். ஒரு எல்லை வரை சரி, அதற்குக் கீழே நேரம்தான் வீணாகும் என்பதை அளந்த எண்களே அவனுக்குக் காட்டின. கடைசலின் வரம்பு 0.4 அருகில் நின்றுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

இனி கசிவுக்கு வருகிறேன். ஆலையினர் கியர்பாக்ஸையே லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். சீலைக் கழற்றிப் பார்த்தபோது, தண்டைத் தழுவி நிற்கும் அதன் உதட்டில் வெட்டோ மடிப்போ இல்லை. உதட்டை இறுக்கிப் பிடிக்கும் சுருள்வில்லும் இடம் மாறவில்லை. தண்டு ஆடாமல் சுழல்கிறதா என்று டயல் கேஜில் பார்த்தபோது அதுவும் சரியாக இருந்தது. அப்படியானால் பரப்பு இன்னும் வழவழப்பாக வேண்டும் போலும் என்று எண்ணி, நான் இரண்டாவது தவறைச் செய்தேன். தண்டை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு, 400 எண் எமரித் தாளை எண்ணெய் தடவிப் பிடித்து மினுக்கினேன். Ra 0.71இலிருந்து 0.35க்கு இறங்கியது. வரைபடம் கேட்டதில் பாதிக்கும் கீழே. புது சீல் போட்டு, எண்ணெய் ஊற்றி, எங்கள் மோட்டாரை இணைத்து 1,450 சுற்றில் ஓட்டினோம். சொட்டு குறைந்தது; நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் எண்ணை விட்டுவிட்டு வரைபடத்தை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு, குறியீட்டின் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகப் படித்தேன்.

கால்களுக்கு நடுவே மூடிய கோடு: உலோகத்தை அகற்றும் வேலையால்தான் இந்தப் பரப்பு வர வேண்டும் என்பது அதன் பொருள். கோட்டுக்குப் பதிலாக ஒரு சிறு வட்டம் இருந்தால், உலோகத்தை அகற்றக்கூடாது, வார்த்த அல்லது உருட்டிய பரப்பை அப்படியே விட வேண்டும் என்று பொருள். இரண்டும் இல்லாத வெறும் குறி இருந்தால் எந்த வழியும் தடையில்லை. இதே வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தின் அருகே `Ra 3.2` என்ற பொதுக்குறி இருந்தது. தனியாகக் குறிக்காத எல்லாப் பரப்புக்கும் அதுவே பொருந்தும். அதில் வேலைமுறை எதுவும் எழுதப்படவில்லை, எழுதத் தேவையும் இல்லை.

இடப்புறத்து 0.2: அடுத்த வேலைக்காகப் பரப்பில் விட்டுவைக்க வேண்டிய உலோகம், மில்லிமீட்டரில். இதை நான் முதலில் பார்த்திருந்தாலே, இந்த இடத்தில் கடைசலுக்குப் பிறகு இன்னொரு வேலை உண்டு என்று வரைந்தவர் எண்ணியிருக்கிறார் என்பது புரிந்திருக்கும்.

கோட்டுக்கு மேலே உள்ள சொற்கள்: வேலைமுறை. இங்கே எழுதப்பட்டிருந்தால், எண்ணை வேறு வழியில் எட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல. நான் இதை ஒரு பரிந்துரையாக எண்ணிக் கடந்துபோயிருந்தேன். அது கட்டளை.

கூர்முனையருகே `⟂`: கருவி விட்டுச்செல்லும் தடங்களின் திசை. குறி நிற்கும் கோட்டுக்குச் செங்குத்தாகத் தடங்கள் ஓட வேண்டும் என்பது பொருள். சீல் பகுதியின் கோடு தண்டின் அச்சுக்கு இணையாக ஓடுவதால், தடங்கள் தண்டைச் சுற்றி வளையம் வளையமாக ஓட வேண்டும். `=` இருந்தால் இணையாக, `X` இருந்தால் குறுக்குமறுக்காக, `C` இருந்தால் மையத்தைச் சுற்றி வட்டமாக என்று வேறு குறிகளும் உண்டு.

கடைந்த பரப்பைக் கண்ணால் பார்த்தால் தடங்கள் வளையங்களாகத்தான் தெரிகின்றன. அதனால்தான் ஏமாந்தேன். உண்மையில் அவை வளையங்கள் அல்ல. ஒரு சுற்றுக்கு 0.15 மி.மீ. முன்னேறும் ஒரே நீண்ட சுருள். மிக மெல்லிய திருகு மரை அது. சீலின் உதடு அசையாமல் நிற்க, அதன் அடியில் இந்தத் திருகு ஒரே திசையில் சுழல்கிறது. எங்கள் தண்டு வலச்சுருளாகக் கடையப்பட்டிருந்தது. கியர்பாக்ஸுக்கு வெளியே நின்று பார்த்தால் கடிகார முள் போலச் சுழல்கிறது. வலத்திருகை அப்படித் திருப்பினால் திருகு உள்ளே போகும், நட்டு நம்மை நோக்கி வரும். தண்டு உள்ளே போக முடியாது. ஆகவே பள்ளத்தில் தேங்கிய எண்ணெய்தான் நட்டுபோல வெளியே வருகிறது. எமரித் தாள் வரப்புகளின் உச்சியைச் சீவி Raவைக் குறைத்ததே தவிர, பள்ளங்களின் சுருளை அழிக்கவில்லை. அத்துடன் கையால் தாளை அங்குமிங்கும் நகர்த்தும்போது அது தன் பங்குக்கும் சாய்ந்த கீறல்களை விடுகிறது.

இந்த விளக்கம் சரிதானா என்று பார்க்க இரண்டு சோதனைகள் செய்தோம். முதலாவது, மோட்டாரின் இரு கம்பிகளை மாற்றிக் கியர்பாக்ஸைச் சுமையில்லாமல் எதிர்த்திசையில் இருபது நிமிடம் ஓட்டியது. ஒரு சொட்டும் விழவில்லை. மீண்டும் நேர்த்திசையில் ஓட்டியதும் சில நிமிடங்களில் உதட்டருகே எண்ணெய் மின்னத் தொடங்கியது. சீல் கிழிந்திருந்தால் திசையைப் பார்த்துக் கசியாது.

இரண்டாவது, நூல் சோதனை. தண்டை லேத்தில் மட்டமாகப் பிடித்து, சீல் பகுதியில் மெல்லிய சிலிகோன் எண்ணெயைப் பூசி, மெழுகு ஏற்றாத பருத்தித் தையல் நூலைத் தண்டின் மேல் போட்டு, அதன் ஒரு நுனியை மேலே கட்டி, மறு நுனியில் 30 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். நூல் தண்டின் சுற்றளவில் அரைவட்டத்துக்கும் சற்று அதிகமாக, 220 முதல் 240 பாகை வரை தழுவியிருக்க வேண்டும். பிறகு நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் சுழற்றி, அரை நிமிடத்தில் நூல் பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, எதிர்த்திசையிலும் அதையே செய்ய வேண்டும். எங்கள் தண்டில் நூல் ஒரு திசையில் நான்கு மி.மீ. அளவுக்கு வலப்புறம் போனது. திசையை மாற்றியதும் அதே அளவு இடப்புறம் வந்தது. 30 சுற்றில் நான்கு மி.மீ. என்றால் சுற்றுக்கு 0.13; நான் கொடுத்த ஃபீடு 0.15. நூல் எதன் மேல் நடந்து சென்றது என்பதில் ஐயமே இல்லை. இரு திசையிலும் நூல் ஒரே பக்கம் போயிருந்தால், அது சுருள் அல்ல, தண்டு கூம்பாக இருக்கிறது அல்லது மட்டமாகப் பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டும்.

பின்னர் சொரசொரப்புக் கருவி முதலில் பதிந்த வரைவைத் திறந்து பார்த்தேன். அதில் எல்லாம் அப்போதே எழுதியிருந்தது. 0.15 மி.மீ. இடைவெளியில், சீப்பின் பற்கள் போல, ஒரே உயரத்தில் வரப்புகள் வரிசையாக நின்றன. சாணை பிடித்த பரப்பின் வரைவு அப்படி இருக்காது. பெரிதும் சிறிதுமாக ஒழுங்கற்ற கீறல்களாக இருக்கும். இரண்டுக்கும் Ra ஒன்றாகவே வரலாம், ஏனெனில் சராசரி எடுக்கும்போது உருவமும் திசையும் மறைந்துவிடுகின்றன. அந்த ஓர் எண்ணைத்தான் நான் நம்பினேன். வரைவு இருந்த திரைக்குப் போகவே இல்லை.

சரிசெய்வதற்குப் புதுத் தண்டு தேவைப்படவில்லை. இந்தப் பகுதியின் விட்டத்துக்கு வரைபடம் h11 என்று இடம் கொடுத்திருந்தது, 45 மி.மீ. விட்டத்துக்கு அது 45.00 முதல் 44.84 வரை. எங்கள் தண்டு 44.98இல் இருந்தது. சில மைக்ரான் ஆழமுள்ள சுருளை அழிக்க விட்டத்தில் 0.06 எடுத்தாலே போதும், 44.92 வரம்புக்குள் நன்றாகவே நிற்கும். கடினமான தோல் அதைவிடப் பல மடங்கு ஆழம் என்பதால் கடினமும் குறையாது.

தண்டைப் புக்கிட் மெர்தாஜாம் சாணைக் கடைக்கு நானே எடுத்துச் சென்றேன். அங்கே கடை முதலாளியான தவ்கே முதலில் தண்டின் இரு முனைகளிலும் உள்ள மையத்துளைகளைத் துடைத்து, சிறு கல்லால் உரசிச் சுத்தம் செய்தார். அங்கே ஒரு துகள் இருந்தாலும் வட்டம் கெட்டுவிடும். அவருடைய சக்கரம் 40 மி.மீ. அகலம், சீல் பகுதி 22. எனவே மேசையை நகர்த்தாமல் சக்கரத்தை நேராக உள்ளே இறக்கினால் முழு அகலமும் ஒரே நேரத்தில் சாணைபடும். ப்ளஞ்ச் கிரைண்டிங் என்பது இதுதான். மேசையை அங்குமிங்கும் ஓட்டிச் சாணை பிடித்தால், சாணையிலும் சுருள் வந்துவிடும். சாணை என்ற சொல் மட்டும் காப்பாற்றாது.

இன்னொரு வழியிலும் சுருள் உள்ளே நுழையும். சக்கரத்தை வைரமுனையால் சீர்செய்யும்போது வைரத்தை வேகமாக நகர்த்தினால், சக்கரத்தின் முகத்திலேயே ஒரு சுருள் பதிந்து, அது அப்படியே தண்டுக்கு இறங்கிவிடும். அதனால் வைரத்தை மிக மெதுவாக நகர்த்தும்படி கேட்டுக்கொண்டேன். சக்கரம் நிமிடத்துக்கு 1,700 சுற்றும் தண்டு 160 சுற்றும் ஓடின, விகிதம் 10.6. இது சரியாக 10 அல்லது 11 என்று முழு எண்ணாக இருந்தால், சக்கரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு சுற்றிலும் தண்டின் அதே இடத்தைத் தொட்டு அடையாளம் போடும். கடைசியாக, அளவுக்கு வந்ததும் சக்கரத்தைப் பின்வாங்காமல் அங்கேயே நிறுத்தி, தீப்பொறி முழுவதும் அடங்கும்வரை ஓடவிட்டார். ஏறத்தாழ அரை நிமிடம் ஆனது. மிஞ்சிய அழுத்தமும் மிஞ்சிய தடமும் அந்த அரை நிமிடத்தில்தான் கரைகின்றன. அவசரக்காரர்கள் முதலில் வெட்டுவதும் இந்த நேரத்தைத்தான்.

வேலை முடிந்ததும் தவ்கே, கண்ணாடி போல மினுக்கித் தரவா என்று மலாயில் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அப்போது நான் குறியீட்டின் கடைசிப் பகுதியைக் காட்டி, வேண்டாம் என்றேன். `U` என்பது மேல் எல்லை, `L` என்பது கீழ் எல்லை. Ra 0.8க்கு மேலும் போகக்கூடாது, 0.2க்குக் கீழும் போகக்கூடாது. சீலின் உதடு தண்டின் மேல் நேரடியாக உரசி ஓடுவதில்லை. மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் ஓடுகிறது. அந்தப் படலத்தைப் பிடித்துவைக்க நுண்ணிய பள்ளங்கள் தேவை. பரப்பு மிக வழவழப்பாகிவிட்டால் எண்ணெய் நிற்காது. உதடு உலர்ந்து சூடேறி, இறுகி, வெடிக்கும். பரப்பு கரடாக இருந்தால் உதடு அரைபட்டுத் தேயும். ஆயில் சீலுக்கான ஜெர்மானியத் தரநிலையான டிஐஎன் 3760இலும் இதே 0.2 முதல் 0.8 வரையிலான வரம்புதான் இருக்கிறது. சுருளற்ற பரப்பையும், தண்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 45க்குக் குறையாமல் இருப்பதையும் அதே தொடர்பில் கேட்கிறார்கள். குறைவான எண் எப்போதும் மேலானது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. இந்த ஒரு `L` அதைக் கலைத்தது.

சாணைக்குப் பிறகு விட்டம் 44.92, Ra 0.38, உச்சி முதல் அடி வரையிலான Rz 2.4. வரைவில் சீப்புப் பற்கள் இல்லை. பட்டறைக்குத் திரும்பி நூலைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு திசையிலும் அரை நிமிடம் நூல் போட்ட இடத்திலேயே நின்றது. தம்பி நூலருகே பேனாவால் கோடு போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். புது சீல் மாட்டும்போது சாவிக்காடியின் கூர்விளிம்பு உதட்டை வெட்டாதபடி மெல்லிய ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டோம். எட்டு மணி நேரம் ஓட்டியதில் உதட்டைச் சுற்றி ஈரப் பளபளப்பு தவிர வேறு எதுவும் இல்லை. ஆலையில் மூன்று மாதம் ஓடிய பிறகும் அடியில் வைத்த தட்டு காய்ந்தே இருந்தது என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

அதே தண்டில் பேரிங் உட்காரும் இரண்டு இடங்களிலும் `Ra 0.8` என்றே இருந்தது. அங்கே வேலைமுறையும் இல்லை, தடத் திசையும் இல்லை, கீழ் எல்லையும் இல்லை. அவற்றை நாங்கள் கடைந்தே முடித்திருந்தோம். அதில் எந்தக் குறையும் இல்லை. பேரிங்கின் உள்வளையம் தண்டோடு இறுகிச் சேர்ந்து சுழல்கிறது. அங்கே சுருள் எதையும் இறைக்காது. ஒரே தண்டில், ஒரே எண். ஓரிடத்தில் கடைசல் போதும், இன்னோரிடத்தில் கடைசல் கெடுக்கும். இந்த வேறுபாட்டை எண் சொல்லவில்லை. எண்ணைச் சுற்றியுள்ள குறிகள் சொல்கின்றன.

எங்கள் பக்கத்தில் வரைபடங்கள் பல நாடுகளிலிருந்து வருவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தக் குறியீட்டு முறை ஐஎஸ்ஓ 1302இல் வகுக்கப்பட்டது. 2021இல் ஐஎஸ்ஓ 21920 அதன் இடத்துக்கு வந்துவிட்டாலும், கைக்கு வரும் வரைபடங்களில் பெரும்பாலானவை பழையவைதாம். சிலவற்றில் Ra எண்ணே இல்லாமல் N6, N7 என்று தரம் மட்டும் இருக்கும். N6 என்றால் 0.8, N7 என்றால் 1.6, ஒவ்வொரு படிக்கும் இருமடங்கு. அமெரிக்க வரைபடத்தில் குறியின் மேல் 32 என்று இருந்தால் அது மைக்ரோஅங்குலம்; 0.8 மைக்ரானுக்குச் சமம். 63 என்பது 1.6 மைக்ரான். அதை 6.3 என்று படித்து நான்கு மடங்கு கரடாகக் கடைந்த ஒரு பாகத்தை வேறொரு பட்டறையிலிருந்து சரிசெய்ய எங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இவற்றில் எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் கேட்பவை பழைய ஜப்பானிய வரைபடங்களின் முக்கோணங்கள். சென்ற மாதம் அதே ஆலையிலிருந்து ஒரு பம்பின் தண்டு வந்தது. சீல் பகுதியில் `▽▽▽` என்று மூன்று முக்கோணங்கள் மட்டுமே இருந்தன. மூன்று முக்கோணம் என்பது Ra 0.4 முதல் 1.6 வரை விரியும் ஓர் அகலமான வகுப்பு; நல்ல கடைசலும் அதில் அடங்கும், சாணையும் அடங்கும். தடத் திசையைச் சொல்ல அதில் இடமே இல்லை. தேய்ந்த பழைய தண்டை எடுத்து, சீல் ஓடாத ஓரத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒழுங்கற்ற மெல்லிய வளையக் கீறல்கள், சுருள் இல்லை. செய்தவர்கள் அதைச் சாணை பிடித்திருக்கிறார்கள். எனவே வேலை அட்டையில் முக்கோணங்களுக்குப் பக்கத்தில் மூடிய குறியை வரைந்து, மேல் எல்லை 0.8, கீழ் எல்லை 0.2, ப்ளஞ்ச் சாணை, செங்குத்துத் தடம் என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விட்டத்தில் 0.4 கூடுதலாக விட்டுக் கடைந்து சாணைக் கடைக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தண்டு 0.41 காட்டியது. நூலைத் தொங்கவிட்டது இம்முறை தம்பிதான். இரு திசையிலும் அது அசையவில்லை.